செவ்வாய் வெள்ளி விளக்கு

விளக்கு எங்கே எரியப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். சாமி படம், மணி, சந்தனக் கிண்ணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த மரப்பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டி, உள்ளே படங்களை நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் விளக்கைச் செருகிவிடுகிறோம். சில வாரங்களிலேயே பெட்டியின் கூரை கறுத்துவிடும். எரியும்போது கதவைச் சாத்தப் பயம், திறந்து வைத்தால் மின்விசிறிக் காற்று. மெல்ல மெல்ல எண்ணெய் விளக்கு ஏற்றுவது நின்றுபோய், அதன் இடத்தில் ஒரு குட்டி மின்விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் அக்கா மகள் வீட்டிலும் அப்படித்தான் ஆகவிருந்தது. தாம்பரம் பக்கம், ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு. பூஜை அறை என்று தனியாகக் கிடையாது. "சித்தி, தினமும் முடியலைன்னாலும் செவ்வாய் வெள்ளியாவது விளக்கேத்தணும்னு இருக்கு. என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றாள். லிஸ்ட் அப்புறம், முதலில் இடத்தைப் பார்க்கலாம் என்று போனேன். அங்கே செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன வீட்டில் இருக்கும் யாருக்கும் இதே கேள்விகள்தான் வரும்.

அவள் மரப்பெட்டியை மாட்ட நினைத்திருந்த இடம் கூடத்துச் சுவரில் மின்விசிறிக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிக்கச் சொன்னேன். புகை ஒரு சாண் உயரம்கூட நேராக ஏறாமல் கலைந்துபோனது. புகை கலையும் இடத்தில் சுடரும் சாயும். சாய்ந்த சுடர் கரி கக்கும். சமையலறை மேடை காற்றில்லாமல் இருந்தாலும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் அதையும் விட்டோம். கடைசியில் கூடத்தின் கிழக்கு மூலையில் இருந்த அலமாரிப் பிறை பிடித்துப்போனது. கடப்பாக்கல் பலகை போட்டது. இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, அதற்கு மேல் இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விட்டு அடுத்த தட்டு. பழைய செய்தித்தாளும் சார்ஜர் ஒயர்களும் அடைந்து கிடந்த இடம். கல் தீப்பிடிக்காது, எண்ணெய் சிந்தினால் ஊறாது, துடைத்தால் போய்விடும். கிழக்குப் பார்த்து நின்று விளக்கேற்றவும் அது வசதி. விளக்கின் முகம் கிழக்கேயோ வடக்கேயோ பார்க்கலாம். தெற்குப் பார்த்து ஏற்றுவதைத்தான் நம் வீடுகளில் தவிர்ப்பார்கள்.

இடைவெளி போதுமா என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். விளக்கு பத்து நிமிடம் எரிந்த பிறகு, சுடருக்கு நேர் மேலே இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பாதகமில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த இடம் ஆகாது. மேல்தட்டு பிளைவுட்டாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் தட்டின் விளிம்பு வரை விளக்கை முன்னால் கொண்டுவந்து, சுடருக்கு மேலே எதுவும் இல்லாதபடி வைக்க வேண்டும். திரைச்சீலையும் நாள்காட்டித் தாளும் எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

இனி விளக்கு. அவளுக்கு ஆசை குத்துவிளக்கு மேல். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் வார்க்கப்படும் குத்துவிளக்குகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அழகில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் குத்துவிளக்கு என்பது பாதம், தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாகச் செய்து திருகிச் சேர்ப்பது. திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் தட்டிலிருந்து எண்ணெய் தண்டு வழியாகக் கசியும். ஐந்து முகம் ஏற்றினால் அந்தச் சின்னப் பிறைக்கு வெப்பமும் அதிகம். தரையில் வைத்து ஏற்ற இடமிருக்கும் வீட்டுக்கு அது பொருத்தம். அலமாரித் தட்டுக்குக் காமாட்சி விளக்கே ஏற்றது. பின்னால் இருக்கும் கஜலட்சுமித் தகடு, பூஜைக்கு உருவமாகவும் இருக்கிறது, பின்பக்கக் காற்றுக்கு மறைப்பாகவும் இருக்கிறது. படம் எதுவுமே இல்லாமல் இந்த ஒரு விளக்கை மட்டும் வைத்து வழிபடும் வீடுகள் எத்தனையோ உண்டு.

கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தோம். கண்ணாடி மேசை மேல் வைத்து விரலால் லேசாகத் தட்டினால் ஆடக் கூடாது. மெல்லிய தகட்டில் செய்த விளக்குகள் ஆடும், திரியைத் தூண்டும்போது கவிழவும் கவிழும். அடுத்து, குழியில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். திரி கிடக்கும் மூக்குப் பகுதி எண்ணெய் மட்டத்தைவிட ஒரு இழையாவது உயர்ந்திருந்தால்தான் நல்லது. மூக்கு தாழ்ந்திருந்தால் தண்ணீர் அப்போதே வழிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. விளக்கு தெரிந்து வாங்குபவர்கள் இதைச் செய்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விளக்குக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு பித்தளைத் தட்டு வைத்தோம். தட்டுக்கு அடியில் அரிசி மாவில் ஒரு சின்னக் கோலம். விளக்கை வெறும் தரையில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது மரியாதைக்காக. அந்தத் தட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கசிவைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதல் வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கேயே இருந்தேன். அவள் கடையில் கட்டாக விற்ற தடித்த திரியில் இரண்டை எடுத்துச் சேர்த்து முறுக்கிப் போட்டிருந்தாள். எண்ணெய், வெறும் விளக்கெண்ணெய். ஏற்றியதும் சுடர் நன்றாகத்தான் நின்றது. பத்து நிமிடத்தில் சிறுத்தது. திரி முனையில் கரி மொக்குக் கட்டி, அது செக்கச்செவேலென்று கனன்றது. தூண்டிவிட்டாள், மறுபடி சிறுத்தது. இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தாள். இந்த முறை சுடர் திடீரென்று நீண்டு உச்சியில் புகை சுருண்டது. "எண்ணெய் நிறையத்தானே இருக்கு சித்தி, ஏன் இப்படிப் பண்ணுது?" என்றாள்.

விளக்கில் எரிய வேண்டியது எண்ணெய்தான், பஞ்சு அல்ல. பஞ்சின் நூலிடுக்குகள் வழியாக எண்ணெய் மேலே ஏறுகிறது, சூட்டில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் சுடராக எரிகிறது. ஏறும் எண்ணெயும் எரியும் எண்ணெயும் ஒரே அளவாக இருக்கும்வரை திரி கருகுவது மிகக் குறைவு. எண்ணெய் வந்து சேரத் தாமதமானால் நெருப்பு பஞ்சைத் தின்னத் தொடங்கும். கரி மொக்கு அதன் அடையாளம். தேவைக்கு மேல் வந்து சேர்ந்தால் முழுதும் எரிய முடியாமல் கரிப்புகையாகப் போகும். நீண்டு புகையும் சுடர் அதன் அடையாளம். விளக்கில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றுதான்.

விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட மிகக் கெட்டி. இறுக்கமாக முறுக்கிய தடித்த திரியில் அது ஏறிவரத் திணறியது. அதனால் முதலில் மொக்குக் கட்டியது. பிறகு திரியை ஓர் அங்குலம் வெளியே இழுத்ததும், அதில் ஏற்கெனவே ஊறியிருந்த எண்ணெய் முழுதும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டது. அதனால் புகைந்தது. விளக்கை அமர்த்திவிட்டு, எண்ணெயை மாற்றினோம். மூன்று பங்கு நல்லெண்ணெய்க்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய். இது எங்கள் வீட்டுக் கணக்கு. நல்லெண்ணெய் எளிதாக ஏறும், விளக்கெண்ணெய் அதை நிதானப்படுத்தும். நல்லெண்ணெய் மட்டுமே ஊற்றினாலும் குறையில்லை.

திரியைப் புதிதாகத் திரித்தோம். சுத்தமான பஞ்சில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, இழுத்து இழுத்து நீளமாக்கி, விரல்நுனியில் துளி விபூதி தொட்டுக்கொண்டு உள்ளங்கையில் உருட்ட வேண்டும். விபூதி இல்லாவிட்டால் பஞ்சு வழுக்கும், திரி பிடிமானமாக வராது. ஒரு திரி தீக்குச்சியின் கனத்தைத் தாண்டக் கூடாது. அதே போல இன்னொன்று செய்து, இரண்டையும் தளர்வாக ஒன்றோடொன்று முறுக்கி ஒரே திரியாகப் போட வேண்டும். ஒற்றைத் திரி போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. இரட்டைத் திரியில் இரண்டு இழைக்கும் நடுவே ஒரு இடுக்கு கிடைக்கிறது, எண்ணெய் அதன் வழியாகத் தடையில்லாமல் ஏறுகிறது. முறுக்கை இறுக்கிவிட்டால் அந்தப் பலன் போய்விடும். திரியைப் போடுவதற்கு முன் எண்ணெயில் முழுக்க நனைத்து, முனையைப் பிழிந்து கூராக்கி, மூக்குக்கு வெளியே கால் அங்குலம் மட்டும் நீட்டி வைத்தோம். சுடர் முக்கால் அங்குல உயரத்தில் நின்றது. ஒரு மணி நேரம் யாரும் தொடவில்லை, மேல்தட்டில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தபோது கரி ஒட்டவில்லை.

திரிக்க நேரமில்லாதவர்கள் கடைத்திரி வாங்கலாம். ஒன்றை எடுத்து, எண்ணெய் படாமல், தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், நசுக்கினால் பொடியும் சாம்பல் மிஞ்சும். செயற்கை நூல் கலந்திருந்தால் உருகிச் சுருங்கிக் கறுப்பாக ஒரு மணி போல இறுகும், நெடியும் வரும். அது எண்ணெயைச் சரியாக இழுக்காது. தாமரைத் தண்டுத் திரி, வாழைத்தண்டுத் திரி, வெள்ளெருக்குத் திரி என்றெல்லாம் ஒவ்வொரு வேண்டுதலுக்கு ஒவ்வொன்று சொல்வார்கள். வேண்டிக்கொண்டவர்கள் போடட்டும். வாரம் இரண்டு நாள் ஏற்றும் விளக்குக்குப் பஞ்சுத் திரி நிறைவானது.

எண்ணெய் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏற்றுபவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் அது உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே வெப்பம் போனால் கட்டியாகும், கட்டியான எண்ணெய் திரியில் ஏறாது. நெய்யும் அப்படித்தான். உருக்கி ஊற்றி, திரியையும் அதில் நனைத்துப் போட்டால், சுடரின் சூட்டில் மற்றது தானாக இளகும். 'தீப எண்ணெய்' என்று பாட்டிலில் விற்பவற்றில் பல, உணவுக்கு உதவாத எண்ணெய்க் கலவை. அட்டையில் அப்படியே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கினால் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது தாளித்துவிடக் கூடும். பொரித்து மீந்த எண்ணெயை விளக்குக்கு ஊற்றுவது வேண்டாம். தெய்வத்துக்கு மீந்ததைக் கொடுப்பதா என்பது ஒரு பக்கம் இருக்க, அதில் மிதக்கும் கருகல் திரியின் இடுக்குகளை அடைத்துவிடும்.

செலவு எவ்வளவு ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். மெல்லிய திரி ஒன்று எரிய மணிக்கு ஒரு தேக்கரண்டியை ஒட்டி எண்ணெய் ஆகும். திரியின் கனத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அவளுடைய விளக்கு நாலு தேக்கரண்டி பிடிக்கும், அவள் மூன்று ஊற்றுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்து மாதத்துக்கு எட்டு ஒன்பது நாள் வரும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஏற்றினாலும் மாதத்துக்கு நூறு மில்லிக்கு மேல் போகாது. ஆகவே நல்ல செக்கு எண்ணெயே வாங்கலாம்.

இப்போது கசிவு. மூன்றாவது வாரம் தொலைபேசியில், "விளக்கு ஓட்டையா சித்தி? அணைச்ச பிறகும் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கு" என்றாள். விளக்கில் ஓட்டை இல்லை. திரியின் நுனி மூக்கைத் தாண்டிக் கீழ்நோக்கித் தொங்கியிருக்கிறது. தொங்கும் நுனி உள்ளே இருக்கும் எண்ணெய் மட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டால், ஏறிவந்த எண்ணெய் எரியாத நேரத்தில் வெளியே இறங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கும். விளக்கு அமர்ந்ததும் திரியை முழுதாக உள்ளே தள்ளிவிட்டால் இது நிற்கும். சுடர் படபடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கழுவிய விளக்கைச் சரியாகத் துடைக்காததுதான் காரணம்.

கழுவுவது திங்களும் வியாழனும். செவ்வாய், வெள்ளியில் விளக்கைத் தேய்க்கக் கூடாது என்பது வழக்கம். அதற்கு முந்தின நாளே தேய்த்து வைத்துவிட்டால் மறுநாள் மாலை பரபரப்பும் இல்லை, உலரவும் நேரம் கிடைக்கிறது. மீந்த எண்ணெயை வடித்து, பிசுக்கைப் பழைய காகிதத்தால் துடைத்தெடுத்து, வெந்நீரில் சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். பிசுக்கு போன பிறகுதான் புளி. பிசுக்கின் மேல் புளியைத் தேய்ப்பது வீண் வேலை. புளியின் புளிப்பு பித்தளையின் கறுப்பையும் களிம்பையும் கரைக்கும். ஆனால் ஊறப்போட்டு மறந்துவிட்டால் துத்தநாகம் கரைந்து, பித்தளை வெளிறிய செம்பு நிறமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். சில நிமிடம் தேய்த்து உடனே நன்றாக அலசிவிட வேண்டும். புளித்தண்ணீர் மடிப்புகளில் தங்கினால் இரண்டே நாளில் பச்சைக் களிம்பு திரும்ப வரும். துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஈரம் போன பிறகு மஞ்சளும் குங்குமமும் இட வேண்டும்.

பூவில் அவளுக்குச் சொன்னது வேளை பற்றித்தான். செவ்வாய்க்கிழமை முருகனுக்கும் துர்க்கைக்கும் செவ்வரளி. வெள்ளிக்கிழமை மகாலட்சுமிக்கும் அம்மனுக்கும் மல்லிகை, சம்பங்கி, சாமந்தி. செம்பருத்தியும் அம்மனுக்கு உகந்தது, ஆனால் காலையில் விரிந்து பெரும்பாலும் மாலைக்குள் சுருங்கிவிடும், அதனால் காலைப் பூஜைக்குத்தான் ஆகும். மல்லிகை நேர்மாறு. காலையில் மொட்டாக வாங்கினால் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாக விரியும். விரிந்த பூவைக் காலையில் வாங்கினால் அது முந்தின நாள் பூ. வாங்கியதைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மொட்டின் மடிப்பில் ஈரம் தங்கினால் பழுப்பேறும். ஈரமாக்கிப் பிழிந்த துணியில் தளர்வாகச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் போதும்.

அந்தத் தட்டுக்கு ஒரு முழம் பூ தாராளம். பாதியைப் படத்துக்கு, மீதியை விளக்கின் பாதத்தைச் சுற்றி. கஜலட்சுமித் தகட்டுக்கு மேலே சரத்தைச் சூட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சுடரின் சூட்டில் நார் உலர்ந்து ஒரு முனை தொங்கினால் பற்றிக்கொள்ளும். தகட்டின் பின்பக்கம் ஒற்றைப் பூவைச் செருகினால் போதும்.

நேரம், பொழுது சாயும் வேளை. சென்னையில் கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆடியில் ஆறரை தாண்டும். ஆகவே கடிகாரத்தில் ஒரு மணியைக் குறித்து வைப்பதைவிட வெளிச்சத்தைப் பார்த்து ஏற்றுவதே சரி. செவ்வாய் ராகுகாலத்தில், மாலை 3 முதல் 4.30 வரை, துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்கேற்றுவது கோயிலில் செய்வது. அதை வீட்டில் செய்ய வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். வாசல் விளக்கைப் போட்டு, முன்கதவைத் திறந்து வைத்து ஏற்றலாம். வெளியே கிளம்ப வேண்டியிருந்தாலோ தூங்கப் போவதாக இருந்தாலோ விளக்கை எரியவிட்டுப் போகக் கூடாது. வாயால் ஊதாமல், காம்புள்ள ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் தள்ளி மலையேற்றிவிட வேண்டும்.

மறுநாள் காலை வாடிய பூவை எடுத்துவிடுங்கள். காய்ந்த சரம் அடுத்த வெள்ளி வரை விளக்கருகே கிடப்பது ஆபத்து. எரிந்து மீந்த திரித் துண்டுகளையும் வாடிய பூவையும் கால் படாத இடத்தில், செடியின் அடியில் போடலாம். அரளியை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அரளியில் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. பிரசாதத் தட்டில் அது படக் கூடாது, கட்டிய கையைக் கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது. தெருவில் ஆடு மாடு மேயும் பக்கம் வீசவும் கூடாது. அவள் ஒரு பழைய தொட்டியில் மண்ணைப் போட்டு, செவ்வாய்க்கிழமை அரளியை அதற்குள் புதைத்து மூடிவிடுகிறாள்.